3 சதவீதமும் 6 சதவீதமும் ஒரே பிஸ்கட்தான்

கேள்வி: துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியில் 100 கிராமுக்கு 2100 கே.ஜே., 502 கே.கால் என்று இரண்டு எண் போட்டிருக்கிறது. இங்கே கடையில் வாங்கும் பிஸ்கட்டில் 480 கே.கால் மட்டும்தான். ஆனால் ஒரு நாள் தேவைக்கான சதவீதம் பார்த்தால் துபாய் பிஸ்கட்டில் 3, நம்ம ஊர் பிஸ்கட்டில் 6. சர்க்கரையும் அதில் 4 சதவீதம், இதில் 12. வாப்பாவுக்குச் சர்க்கரை நோய். துபாய் பிஸ்கட்டைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: 2100 என்பது கிலோஜூல், 502 என்பது கிலோகலோரி. அளக்கிற கோல்தான் வேறு, ஆற்றல் ஒன்றே. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். கிலோஜூல் மட்டும் போட்ட பெட்டி கையில் வந்தால் நாலால் வகுத்து, வருவதில் இருபதில் ஒரு பங்கைக் கழியுங்கள். 2100-ஐ நாலால் வகுத்தால் 525, அதில் 26 போனால் 499. கடையில் நின்றுகொண்டு போடும் கணக்குக்கு இது போதும். பேச்சில் நாம் 'கலோரி' என்று சொல்வதும் கிலோகலோரியைத்தான். அதனால் '2100 கலோரி' என்று யாராவது பயமுறுத்தினால் அவர் கோலை மாற்றிப் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

சில பெட்டிகளில் இரண்டு எண்ணும் 4.184-க்குச் சரியாகப் பொருந்தாது. அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஒரு கிராம் கொழுப்புக்கு 37 கிலோஜூல் அல்லது 9 கிலோகலோரி, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 17 அல்லது 4 என்று முழு எண்ணாக்கித் தனித்தனியே கூட்டுவதால் வரும் சின்ன வித்தியாசம் அது.

ஆக 100 கிராமுக்கு 502-ம் 480-ம். துபாய் பிஸ்கட்டில்தான் கொஞ்சம் அதிகம். பிறகு சதவீதம் எப்படிப் பாதியானது? சதவீதத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் பரிமாறும் அளவைப் பாருங்கள். உங்கள் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், அந்தப் பெட்டி 12.5 கிராம் எடையுள்ள ஒரே ஒரு பிஸ்கட்டுக்குச் சொல்கிறது. இங்குள்ளது 25 கிராமுக்குச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி என்பதே இரண்டுக்கும் அடிப்படை. அதன்படி துபாய் பிஸ்கட் ஒன்று 63 கிலோகலோரி, அதாவது 3 சதவீதம். நம்ம ஊர் பிஸ்கட் 25 கிராம் 120 கிலோகலோரி, 6 சதவீதம். துபாய் பிஸ்கட்டையும் இரண்டாக எடுத்தால் அதுவும் 6 தான். டீயோடு ஒரு பிஸ்கட்டோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்?

சர்க்கரை விஷயம் இன்னும் சிக்கல். இங்கே வெறும் அளவு மட்டுமல்ல, முழு நாளுக்கான வரம்பே வேறு. உங்கள் துபாய் பெட்டியைப் போல ஐரோப்பிய முறைப்படி அச்சிட்ட பெட்டி, பாலிலும் பழத்திலும் இயல்பாக இருப்பதையும் சேர்த்து மொத்தச் சர்க்கரையை எடுத்து, அதை ஒரு நாளைக்கு 90 கிராம் என்ற அளவோடு ஒப்பிடுகிறது. இந்திய விதிப்படி சதவீதம் போடுவது சேர்த்த சர்க்கரைக்கு மட்டும். வரம்பு 50 கிராம். உங்கள் பெட்டியில் 4 சதவீதம் என்றால் ஒரு பிஸ்கட்டில் சுமார் 3.5 கிராம், 100 கிராமுக்கு 28. இங்குள்ளதில் 12 சதவீதம் என்றால் 25 கிராமில் 6 கிராம், 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 24. மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்தது, எடைக்கு எடை வைத்தால் குறைவாகவே இல்லை. 12 சதவீதம் என்றால் பிஸ்கட்டில் நூற்றுக்குப் 12 பங்கு சர்க்கரை என்றும் படிக்கக் கூடாது. நாள் வரம்பில் அவ்வளவு தீர்ந்தது என்பதே அதன் பொருள்.

உப்பிலும் இதே கதைதான்: அங்கே 6 கிராம் உப்பு, இங்கே 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு.

அதனால் இரண்டு நாட்டுப் பெட்டிகளை ஒப்பிடும்போது சதவீதப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு, 100 கிராமுக்கான பத்தியில் கிராமை மட்டும் பாருங்கள். ஒரே ஊர் முறையில், ஒரே பரிமாறும் அளவில் உள்ள இரண்டு பெட்டிகளுக்குச் சதவீதம் உதவும்.

வாப்பாவுக்கு முதலில் பார்க்க வேண்டிய வரி சர்க்கரை கூட இல்லை, மொத்த மாவுச்சத்து. மைதாவும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் மாறும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டிலும் அந்த வரி பெரிதாகவே இருக்கும். உதாரணமாக ஒன்றில் 100 கிராமுக்கு 65 கிராம், மற்றதில் 69 என்றால், 25 கிராம் பிஸ்கட்டில் வித்தியாசம் ஒரே ஒரு கிராம். இந்தியப் பெட்டியில் மாவுச்சத்துக்குச் சதவீதம் இல்லாமல் போகலாம், கிராம் இருக்கும். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2000 கிலோகலோரி என்பது சராசரிப் பெரியவருக்கான எண். விசைப்படகில் இரவெல்லாம் வலை இழுப்பவருக்கு அது பற்றாது, வீட்டில் உட்கார்ந்திருக்கும் வயதானவருக்கு அதிகமாகிவிடும். டீக்கடை ஜாடியில் இருக்கும் உதிரி பிஸ்கட்டுக்கு அட்டவணையே கிடையாது. அது வந்த பெரிய பாக்கெட்டின் உறையைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.