தினைச் சோறு ஏன் குழைகிறது? (கேள்வி-பதில்)

கே: பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைக்கிறேன். தினைக்கும் அதே போதுமா?

ப: ஊறிய தினை என்றால் ஏறக்குறைய போதும். ஊறாததற்கு இரண்டரை. கொதி வந்ததும் மூடி போட்டுச் சிறுதீயில் 15 நிமிடம், அணைத்தபின் மூடியைத் திறக்காமல் 10 நிமிடம். நேரம் அரிசியைப் போலத்தான்.

கே: சிறுதானியம் வைத்தால் குழைந்துவிடுகிறது. என்ன செய்வது?

ப: எந்தச் சிறுதானியம்? ஊறவைத்தீர்களா? எவ்வளவு தண்ணீர்? எதுவும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? சரி, தினை என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிட்டு, ஊறாத தினைக்கு உரிய இரண்டரை கப் தண்ணீரையும் அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் தினை, ஊறி வடித்தபின் 260, 270 கிராம் காட்டும். கூடிய எடை முழுக்கத் தண்ணீர், அதாவது கால் கப்புக்கும் மேல். அதைக் கழித்துக்கொண்டு இரண்டு கப், மிஞ்சினால் இரண்டேகால் ஊற்றுங்கள். தானியத்தை அளந்த அதே கப்பில்தான் தண்ணீரையும் அளக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கரண்டி! பாதி வெந்த தினையைக் கிளறினால் மணி உடைந்து மாவு வெளியே வரும், பசைபோல ஒட்டும். மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் தண்ணீர் இழுத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மணியை விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால் கப் வெந்நீர் தெளித்து, மூடி, ஐந்து நிமிடம். கிளற வேண்டாம்.

கே: என் தினை 20 நிமிடம் ஆகியும் வேகவில்லை.

ப: தவிடு நீக்காததாக இருக்கும். மணி மங்கலாக, பழுப்பு கலந்து தெரியும். இரண்டு மணி நேரமாவது ஊறட்டும், மூன்று கப் தண்ணீர், 25 நிமிடம்.

கே: சாமை, குதிரைவாலி?

ப: இரண்டு கப், 10 முதல் 12 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், சட்டென்று வெந்துவிடும்.

கே: கேழ்வரகை முழுசாகச் சோறாக்கலாமா?

ப: வேகும், ஆனால் அரிசிபோல மலராது. அதன் தோல் உள்ளிருக்கும் மிருதுவான மாவோடு ஒட்டியே இருப்பதால் தீட்டிப் பிரிக்க வராது. அதனால்தான் மாவாக்குகிறோம். களி கிண்ட, ஒரு கப் மாவுக்கு இரண்டரை கப் தண்ணீர். அதில் ஒரு கப்பை ஆறிய நீராக வைத்து மாவைக் கரையுங்கள், மீதி கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். இதற்கு மட்டும் கரண்டி வேண்டும். காய்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் பசையாகி உள்ளே ஈரம் போகாது, கட்டி தட்டிவிடும். சிறுதீயில் எட்டு, பத்து நிமிடத்தில் நிறம் கறுத்துப் பளபளக்கும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது.

கே: ஆறிய தினைச் சோறு மணல்போல உதிர்கிறது.

ப: ஆறும்போது மாவுச்சத்து இறுகும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, சிறுதீயில் நாலு நிமிடம் வையுங்கள்.