அம்புக்குறிக்கு எது தலை, எது வால்?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மென்பொருள் குழுவில் ஜூனியராக இருக்கிறேன். சிஸ்டம் படங்களை ஆளுக்கொரு விதமாக வரைகிறார்கள். பொது வரைமுறையும் குறியீட்டு விளக்கமும் வேண்டுமென்று டீம் லீடருக்கு எழுத ஆசை. குறை சொல்கிற மாதிரி ஆகிவிடாமல் எப்படி எழுதுவது?

பதில்: இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும் ஓர் அம்புக்குறியை உங்கள் படங்களிலிருந்தே தேடி எடுங்கள். கடிதத்தின் முதல் பத்தி அதுதான். யார் வரைந்தது என்பது வேண்டாம்.

ஆர்டர் சர்வீஸ், ஸ்டாக் சர்வீஸிடம் இருப்பைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழைப்பவரிடமிருந்து அம்பு போடுகிறவர் ஆர்டரிலிருந்து ஸ்டாக்குக்குப் போடுவார். தகவல் நகரும் திசையைக் காட்டுகிறவர் நேர்மாறாகப் போடுவார். இரண்டுமே புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் அதைப் பார்த்து ஃபயர்வால் விதி எழுதுகிறவருக்கு இணைப்பை யார் தொடங்குகிறார் என்பதுதான் முக்கியம். பதில் அதே இணைப்பில் திரும்பிவிடும். திசை மாற்றி எழுதிவிட்டால் ஆர்டர் சர்வீஸ் டைம்அவுட் ஆகும். ஸ்டாக் சர்வீஸின் லாக்கைப் புரட்டினால் கோரிக்கை வந்த தடமே இருக்காது. நிரலில் பிழை தேடி ஒரு நாள் போகும்.

அடுத்த பத்தியில் உங்கள் பரிந்துரை. இப்படி எழுதலாம்:

"அம்பு எப்போதும் தொடங்குபவரிடமிருந்து புறப்படட்டும். முழுக்கோடு என்றால் அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கிறது. விட்டுவிட்டுப் போகும் கோடு என்றால் செய்தியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறது. கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்லும் வழியும் இருக்கட்டும்: 'இருப்பைக் கேட்கிறது, HTTPS 443'. நிறத்தை மட்டும் நம்பி எந்த அர்த்தமும் வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் அது போய்விடும்."

முதல் பதிப்புக்கு இதுவே தாராளம். பெட்டி வடிவம், எழுத்துரு என்று நீட்டினால் விவாதம் எழுத்துருவிலேயே முடிந்துவிடும். மெர்மெய்டில் வரைபவர்களுக்கு `-->`, `-.->` இரண்டும் போதும்.

ஒரு வரி மறக்காதீர்கள்: இது சிஸ்டம் படங்களுக்கு மட்டும். யூஎம்எல் சீக்வென்ஸ் படத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடு பதில் திரும்புவதைக் குறிக்கும். இந்த எல்லையைச் சொல்லாவிட்டால், யூஎம்எல் தெரிந்த சீனியர் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். கேட்பதும் நியாயம்.

குறியீட்டு விளக்கம் ஒவ்வொரு படத்தின் மூலையிலும், படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். விக்கியில் தனிப்பக்கமாக வைத்தால், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது விளக்கம் கூட வராது. அந்தப் படத்தில் இல்லாத குறிகளை விளக்கத்தில் போட வேண்டாம்.

கடைசியில் கேட்பது சிறிதாக இருக்கட்டும். முதல் பத்தியில் காட்டிய படத்தையே புது முறையில் வரைந்து இணைத்து, ஒரு ஸ்பிரிண்டுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். பழைய படங்கள் அப்படியே கிடக்கட்டும், திருத்த வேண்டி வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதிவிடுங்கள். அனுப்புமுன் வேறு குழு நண்பர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு அம்பையும் வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் "இது என்ன?" என்று நிற்கிற இடத்தில் விளக்கம் போதவில்லை, அங்கே திருத்திவிட்டு அனுப்புங்கள்.