குடோன் ஷிப்ட்டை எத்தனை மணிக்குத் தொடங்குவது?

கேள்வி: தோவாளைப் பக்கம் மளிகைப் பொருள் விநியோக குடோன் வைத்திருக்கிறோம். லோடுமேன்கள் 12 பேர், கம்ப்யூட்டரில் 2 பேர். எல்லோருக்கும் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. தினமும் வரும் மூன்று லாரிகளும் காத்துக் கிடந்து ஹால்டிங் கேட்கின்றன. சாயங்காலமோ பில்லுக்குச் சரக்கு எடுத்து முடிக்க இரவாகி, ஓவர்டைம் கொடுக்கிறோம். நேரத்தை எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் உங்கள் கேட் ரிஜிஸ்டரை அப்படியே நம்பாதீர்கள். அதில் பெரும்பாலான லாரிகள் 8.45-க்கும் 9.30-க்கும் இடையில் வந்ததாக இருக்கும். உண்மையில் லாரி விடியும் முன்பே வந்திருக்கும். 9 மணிக்குத்தான் கேட் திறக்கும் என்று தெரிந்த டிரைவர், ஆரல்வாய்மொழி பக்கம் டீக்கடை ஓரமாக வண்டியைப் போட்டுத் தூங்கியிருப்பார். வடக்கிலிருந்து வரும் லாரி என்றால், நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டிய நேரம் உரிமையாளருக்கு வரும் ஃபாஸ்டாக் குறுஞ்செய்தியில் இருக்கும். அங்கிருந்து உங்கள் இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். அந்த நேரத்தையும் இறக்கத் தொடங்கிய, முடித்த நேரங்களையும் மூன்று வாரம் எழுதுங்கள். மாதக் கடைசி வாரம் அதற்குள் வரவேண்டும். கம்பெனிகள் டார்கெட்டுக்காகச் சரக்கைத் தள்ளும் வாரம் அது.

மூன்று லாரியில் இரண்டு காலை 6 மணிக்குள் வந்துவிடுகின்றன, ஒன்று பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட்டை 6-க்குத் தொடங்கினால் போதும். முதல் லாரி 4.30-க்கே வருகிறதே என்று 5-க்குத் தொடங்கினால், அந்த இரண்டையும் இறக்கிவிட்டு, பிந்தும் லாரிக்காக ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேளையில் அவர்களுக்கு பஸ்ஸும் சிரமம்.

லாரிக்கு 600 பெட்டி, ஒருவர் மணிக்கு 75 பெட்டி இறக்கி எண்ணி அடுக்குகிறார் என்றால், 6 பேருக்கு ஒரு லாரி 1 மணி 20 நிமிடம். மூன்று லாரியும் 4 மணி நேரத்தில் முடியும். அந்த 1,800 பெட்டியையும் ரேக்கில் ஏற்ற இன்னும் 2 மணி நேரம். (இந்த வேகங்கள் என் உதாரணம்தான், உங்கள் ஆட்களை ஒரு வாரம் அளந்து இந்த இடத்தில் போடுங்கள்.) ஆக முதல் அணி 6 பேர், காலை 6 முதல் 10, ஒரு மணி நேர ஓய்வு, பிறகு 11 முதல் 3. கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி 4 மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் ஒரு மணி நேர ஓய்வு கட்டாயம். 8 மணி நேர வேலை என்றால் அந்த ஓய்வு சரியாக நடுவில்தான் விழும். 1 மணிக்குள் ரேக் வேலை முடிந்துவிடும். மீதி 2 மணி நேரம் பிந்திய லாரிக்கான இடம். அதை வேறு வேலையால் நிரப்பாதீர்கள்.

இரண்டாவது அணியின் நேரத்தை, ஆர்டர் மூடும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகள் 5 மணி வரை ஆர்டர் போடுகிறார்கள், தினமும் பொருளுக்கு ஒரு வரியாக 1,200 வரி பில், ஒருவர் மணிக்கு 60 வரி எடுப்பார் என்றால் மொத்தம் 20 ஆள்-மணி. சரிபார்த்து வண்டியில் ஏற்ற இன்னும் 10. இதற்கு 6 பேரை மதியம் 12 முதல் 4, 5 முதல் 9 வைக்கலாம். 2 மணி வரை வந்த ஆர்டர்களுக்கு முதல் சுற்றாக பில் அடித்து 4-க்குள் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை 5.15-க்குத் தொடங்கினால் 7.30 வாக்கில் முடியும். அதன்பின் குட்டியானைகளில் ஏற்றி, பூட்டும் வளாகத்தில் நிறுத்திவிடலாம். காலையில் ஏற்றலாம் என்று விட்டால் அதே ஷட்டரில் லாரியும் குட்டியானையும் முட்டிக்கொள்ளும். 6 மணி ஷிப்ட்டின் பலன் முழுக்க அங்கேயே போய்விடும்.

12-க்கு வருபவர்கள் முதல் 2 மணி நேரம் கீழ்த்தட்டுகளை நிரப்ப வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். காலையில் இறக்கிய சோப்புப் பெட்டி தரையில் கிடக்கும், சரக்கு வரவுப் பதிவான ஜி.ஆர்.என் போட்டிருக்காது, கம்ப்யூட்டரில் இருப்பு இல்லை என்று காட்டும், கடைக்காரருக்குக் குறைவாக பில் போகும். மாலையில் எடுக்க முடியாமல் போன வரிகளைக் குறித்து வையுங்கள். மறுநாள் அந்தச் சரக்கு குடோனிலேயே இருந்தது தெரிந்தால் தவறு ஆள் எண்ணிக்கையில் இல்லை, காலைப் பதிவில்தான். ஆகவே கம்ப்யூட்டர் ஆட்களில் ஒருவர் கட்டாயம் 6 மணி அணியோடு வரட்டும், மற்றவர் 12 மணி அணியோடு.

இரவு 9 மணிக்கு ஆட்களை விடுவதற்கு முன் பூதப்பாண்டி, நாகர்கோவில் பக்கம் போகிறவர்களின் கடைசி பஸ்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது 9-க்கு முன் என்றால் அணியை 11.30 - 8.30 ஆக்கி, ஆர்டர் மூடுவதையும் அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ஆர்டர் நேரத்தை மாற்றாமல் ஷிப்ட்டை மட்டும் நகர்த்தினால், குறைகிற அரை மணி நேரம் ஓவர்டைமாகத் திரும்பி வரும்.