களிமண் மனையில் பைல்: துளையிடுவதா, அடித்து இறக்குவதா?

கேள்வி: வேளச்சேரியில் அரை கிரவுண்ட் மனை. தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு தளமும் கட்டப்போகிறோம். சாயில் டெஸ்டில் மேலே 1.5 மீட்டர் கொட்டிய மண், 7 மீட்டர் வரை இளகிய களிமண், 9 மீட்டர் வரை கெட்டிக் களிமண், அதன்கீழ் சிதைந்த பாறை என்று வந்திருக்கிறது. மேஸ்திரி 4 மீட்டரில் பைல் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் அடித்து இறக்கும் பைல்தான் பலம் என்கிறார். பைல் உண்மையிலேயே தேவையா? எந்த வகை?

பதில்: தேவைதான். இளகிய மண்ணைத் தாண்டி, கீழே உள்ள கெட்டியான அடுக்கில் வீட்டின் எடையை இறக்கும் தூண்தான் பைல். அறிக்கையில் எஸ்.பி.டி. எண்ணிக்கையைப் பாருங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவார்கள். இளகிய களிமண்ணில் அது 2, 3 என்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட மண்ணை நம்பிச் சதுர மீட்டருக்கு 5 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது.

உங்கள் கட்டடம் சுமார் 75 சதுர மீட்டரில் நிற்கும் என்று வையுங்கள். மூன்று தளமும் சுவர்களும் சேர்ந்து தோராயமாக 300 டன். 5 டன்னால் வகுத்தால் ஃபுட்டிங்குக்கே 60 சதுர மீட்டர் போய்விடும்; தனித்தனி ஃபுட்டிங் என்பதற்கே அர்த்தமில்லை. கட்டடத்தின் அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போட்டால் சதுர மீட்டருக்கு 4 டன்தான் வருகிறது, மண் உடையாது. ஆனால் அமுங்கும். ஐந்தரை மீட்டர் களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லப் பிழிந்து வெளியேற ஆண்டுகள் ஆகும். வீடு சில அங்குலம் இறங்கலாம். ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால் சுவர் விரிசல் விடும்.

பலரும் கவனிக்காத ஒன்று உங்கள் 1.5 மீட்டர் கொட்டிய மண். அதன் எடையே சதுர மீட்டருக்கு 2.7 டன். அண்மையில் கொட்டியதாக இருந்தால் வீடு கட்டாமலேயே கீழே உள்ள களிமண் அமுங்கிக்கொண்டிருக்கும். அமுங்கும் மண் பைலைத் தாங்காது, பிடித்துக் கீழே இழுக்கும். 450 மி.மீ. விட்டப் பைலில் இந்த இழுப்பு 10 டன் அளவுக்கு வரும். ஒன்பது பில்லர் என்றால் ஒன்றுக்குச் சராசரி 33 டன். இரண்டு பைல் போட்டால் ஒவ்வொன்றும் 17 டன்னோடு அந்த 10 டன்னையும் சேர்த்துத் தாங்க வேண்டும். வடிவமைப்பவரிடம் இதைக் கணக்கில் எடுத்தாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

4 மீட்டர் பைல் இங்கே வேண்டவே வேண்டாம். அடியில் குமிழ் வைத்த அந்தக் குட்டைப் பைல், ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் கரிசல் மண்ணுக்கு ஏற்றது. உங்கள் மனையில் அதன் குமிழ் இளகிய களிமண்ணுக்குள்ளேயே நிற்கும். மண் இறங்கும்போது கூடவே இறங்கும்.

அடித்து இறக்கும் பைல் மட்டமான வகையல்ல. தளர்ந்த மணலில் அது சுற்றியுள்ள மண்ணை இறுக்குகிறது. அடியில் சகதி தேங்கும் பிரச்சினையும் இல்லை. கடைசிச் சில அடிக்கு எவ்வளவு இறங்கியது என்பதை வைத்தே தாங்குதிறனை ஓரளவு கணிக்கலாம். துறைமுகம், தொழிற்சாலை போன்ற திறந்தவெளிக்குப் பொருத்தம். ஆனால் களிமண்ணில் அது தன் கனஅளவுக்குச் சமமான மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும், தரையை மேலே எழுப்பும். பக்கத்து வீட்டுச் சுவர் நாலடி தூரத்தில் இருக்கும் அரை கிரவுண்ட் மனையில் அந்த அதிர்வும் தள்ளலும் விரிசலில்தான் முடியும். இயந்திரம் தெருவுக்குள் நுழைவதே கஷ்டம்.

ஆகவே உங்களுக்குத் துளையிட்டு வார்க்கும் பைல். சிதைந்த பாறைக்குள் ஒரு மீட்டர் நுழைந்து, மொத்தம் சுமார் 10 மீட்டர். இதில் கோளாறு எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் என்பதால் வேலை நடக்கும்போது நீங்களோ பொறியாளரோ பக்கத்தில் நிற்க வேண்டும். இளகிய மண் சரியாமல் இருக்க இரும்புக் கேஸிங் அல்லது பெண்டோனைட் என்னும் களிமண் தூளின் கரைசல் வேண்டும். துளை முடிந்ததும் எடை கட்டிய டேப்பை இறக்கி ஆழம் குறியுங்கள்; கம்பிக்கூடு இறக்கியபின், கான்கிரீட்டுக்குச் சற்று முன் மறுபடி அளந்து பாருங்கள். ஆழம் குறைந்திருந்தால் அது அடியில் படிந்த சகதி. அதைக் கழுவி எடுக்காமல் வார்த்தால் பைல் பாறையில் உட்காராது, சகதியில்தான் உட்காரும்.

கான்கிரீட்டை மேலிருந்து கொட்டக் கூடாது. ட்ரெமி குழாயைத் துளையின் அடிவரை விட்டு, அதன் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் புதைந்திருக்கும்படி மெதுவாக உயர்த்த வேண்டும். அவசரப்பட்டு உருவினால் நடுவில் சேறு புகுந்து பைல் துண்டாகிவிடும். 450 மி.மீ. விட்டம், 10 மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப்படி 1.6 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். அதைவிடக் குறைவாகப் பிடித்தால் எங்கோ மண் சரிந்து பைலின் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. பைல் உள்ளே முழுசாக இருக்கிறதா என்று சோதிக்கும் இன்டெக்ரிட்டி டெஸ்ட்டை அந்தப் பைலுக்கு எடுத்துப் பார்க்காமல், பைல்களின் தலையை இணைக்கும் பைல் கேப்பை மேலே போட விடாதீர்கள்.