கையெழுத்துக்குப் போகும் தாள் எது? பத்திர வரைவுகளுக்கு எண் வைப்பது பற்றிக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: பத்திர எழுத்தர் அலுவலகத்தில் புரூப் பார்ப்பவர். கேள்விகள் வந்த வரிசையிலேயே.)

டிடிபி சென்டர்காரர், திண்டுக்கல்: ஒரே கிரயப் பத்திரத்துக்கு final, final2, newfinal, final ok என்று நாலு ஃபைல் கிடக்கிறது மேடம். எதைப் பிரிண்ட் எடுப்பது?

final என்ற சொல்லை இனிமேல் எந்த ஃபைலுக்கும் வைக்காதீர்கள். கட்சிக்காரர் வந்து "தகப்பனார் இனிஷியல் மாறியிருக்கு" என்று சொன்ன நிமிஷமே அந்தப் பெயர் பொய்யாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் இப்படி வைக்கிறோம்:

```
142-3B2_kirayam_P05.docx
```

முதலில் சர்வே எண்ணும் உட்பிரிவும். 142/3B2 என்று சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது, அதனால் சிறு கோடு. அடுத்தது பத்திரத்தின் வகை, கடைசியில் புரூப் எண். ஆள் பெயரை வைத்தால் ஒரே பார்ட்டி ஒரே நாளில் மூன்று மனை விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். P5 என்று எழுதாமல் P05 என்று எழுதுங்கள். எழுத்து வரிசைப்படி அடுக்கும் இடங்களில் P10 போய் P2-க்கு மேலே உட்கார்ந்துகொள்ளும்.

பெயரை விட முக்கியம், எண் எப்போது ஏறும் என்பது. ஒரு வரைவு பிரிண்ட் ஆகிவிட்டாலோ, வாட்ஸ்அப்பில் வெளியே போய்விட்டாலோ அந்த எண் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு கால்புள்ளி மாறினாலும் அடுத்த எண்தான். எண் ஏற்றும் உரிமை ஒரே ஆளுக்கு. இதை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

P03-இல் விஸ்தீரணம் 5 சென்ட், அதாவது 2178 சதுர அடி. கிழமேல் 66 அடி, தென்வடல் 33 அடி. பிறகு கைக்கு வந்த பட்டாவில் 2.23 ஏர்ஸ் இருந்தது. அது கிட்டத்தட்ட 5½ சென்ட், அதாவது 2395.8 சதுர அடி. தென்வடல் 36.3 அடி என்று அளந்தும் உறுதி செய்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஒருவர் P03-ஐத் திறந்து விஸ்தீரணத்தை மட்டும் திருத்தி P04 என்று சேமித்தார். இன்னொரு கம்ப்யூட்டரில் இன்னொருவர் அதே P03-ஐத் திறந்து நான்கெல்லையையும் அளவையும் திருத்தி, அவரும் P04 என்றே சேமித்தார். இரண்டு P04. இரண்டும் பாதி சரி, பாதி தப்பு. இரண்டாவதுதான் பிரிண்டுக்குப் போனது. புரூப் பார்த்தவர் பழக்கதோஷத்தில் 66-ஐ 36.3-ஆல் பெருக்கினார். 2395.8 வந்தது. இரண்டு வரி கீழே 2178 என்று இருந்தது. அவர் பெருக்காமல் விட்டிருந்தால் அந்தத் தாளில்தான் கையெழுத்து ஆகியிருக்கும்.

ரியல் எஸ்டேட் அலுவலக ஊழியர், கோவை: இவ்வளவு எதற்கு? ஓகே ஆனதும் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் யாரும் கை வைக்க முடியாதே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பிடிஎஃப் ஆக்குவது சரி. நாங்களும் புரூப் ஓகே ஆன பிறகு வேர்டிலிருந்து பிரிண்ட் எடுப்பதில்லை. ஆனால் பிடிஎஃப் ஃபைலைத்தான் பூட்டும், தாளைப் பூட்டாது. மேஜையில் P04-இன் பிரிண்டும் P05-இன் பிரிண்டும் அருகருகே கிடந்தால் இரண்டும் ஒரே பச்சைத் தாள்தான், ஒரே எழுத்துருதான். எது எது என்று பிடிஎஃப் வந்து சொல்லாது.

அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் எண் அச்சாக வேண்டும்:

```
142-3B2 / P05 / 4-7
```

கடைசியில் உள்ளது ஏழில் நாலாவது பக்கம் என்பது. வேர்டில் ஃபைல் பெயரைத் தானாக எடுக்க `FILENAME` ஃபீல்டு இருக்கிறது. ஆனால் Save As செய்ததும் அது உடனே மாறாது. அடிக்குறிப்புக்குள் இரட்டைக் கிளிக் செய்து, அந்த ஃபீல்டின் மேல் நின்று F9 அழுத்த வேண்டும். வெளியில் நின்று Ctrl+A, F9 அடித்தால் அடிக்குறிப்பை அது தொடாது. ஃபைல் பெயர் P05, அடியில் P04 என்று தாள் வருவது இதனால்தான்.

கையெழுத்துக்கு முன்னால் ஏழு தாளையும் விசிறி மாதிரி விரித்து அடிவரியை மட்டும் பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் போதும்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: எங்கள் பத்திரம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. சர்வே எண் தப்பாக விழுந்திருக்கிறது. சரியான ஃபைல் எழுத்தரிடம் இருக்கிறதாம். அதை ஆபீசில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா அக்கா?

இல்லைம்மா. பதிவான பிறகு ஃபைலுக்கு வேலையே இல்லை, கையெழுத்தான தாள்தான் பத்திரம். பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி, எழுதிக்கொடுத்தவரும் நீங்களும் திரும்ப வந்து கையெழுத்துப் போட வேண்டும். சர்வே எண்ணே மாறுகிறது என்றால் இது வெறும் எழுத்துப்பிழையா, வேறு சொத்தா என்று சார்பதிவாளர் கேட்பார். மூலப்பத்திரம், பட்டா, எழுத்தரிடம் இருக்கும் பழைய வரைவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். விற்றவர் நல்ல உறவில் இருக்கும்போதே பாருங்கள்.

புதிதாக உரிமம் எடுத்த பத்திர எழுத்தர், விழுப்புரம்: நாலாவது பக்கத்தில் மட்டும் தப்பு. அந்த ஒரு தாளை மட்டும் மாற்றி அடித்து வைக்கலாம் இல்லையா? ஸ்டாம்ப் பேப்பர் மிச்சமாகுமே.

மிச்சமாகும்தான், ஆனால் ஒழுங்காகச் செய்தால்தான். நாலாம் பக்கத்தில் நாலு வார்த்தை கூடினால் கடைசி வரி ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளப்படும். நீங்கள் நாலாம் பக்கத்தை மட்டும் எடுத்தால் அந்த வரி எந்தத் தாளிலும் இருக்காது. வார்த்தை குறைந்தால், ஐந்தாம் பக்கத்தின் முதல் வரி நாலிலும் வந்து இரண்டு தடவை இருக்கும். ஆகவே மாற்றிய தாளின் கடைசி வரியையும் அடுத்த தாளின் முதல் வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். முந்தைய பக்கத்தோடும் அப்படியே.

இதில் இன்னொரு வில்லங்கம், ஸ்டாம்ப் பேப்பரே மாறுவது. 20,000 ரூபாய்த் தாள் கிடைக்கவில்லை, இரண்டு 10,000 வாங்கி வந்தார் என்று வையுங்கள். முத்திரைத் தாளில் மேல் பாதி அச்சாகவே இருப்பதால் எழுத இடம் குறைவு. தாள் ஒன்று கூடியதும் எல்லாப் பக்கமும் நகரும். ஒரு வார்த்தைகூட மாறவில்லை, ஆனாலும் ஓகே ஆன பிடிஎஃப் உதவாது. நான் இதற்கும் அடுத்த எண் போடச் சொல்வேன். எங்கள் எழுத்தர் ஒத்துக்கொள்ள மாட்டார். "வாசகம் மாறாமல் எண் ஏறினால் பார்ட்டி பயந்துபோய் முழுதும் திரும்பப் படிக்கக் கேட்பார்" என்பது அவர் கட்சி. அவர் P05a என்று போடுவார். இரண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஓய்வுபெற்ற எழுத்தர், காரைக்குடி: நாங்கள் கையால் எழுதிய காலத்தில் எண்ணும் கிடையாது, பிடிஎஃபும் கிடையாது. தப்பு வந்தால் அடித்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கினோம். இன்றும் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதே அம்மா?

கொடுக்கிறது ஐயா. 1908 பதிவுச் சட்டம் 20-ஆம் பிரிவுதான் நீங்கள் சொல்வது. இடைச்செருகல், வெற்றிடம், அழித்தல், மாற்றம் இருந்தால் எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தோ சுருக்கொப்பமோ வைத்து உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரி மறுக்கலாம். ஒரு எழுத்துப்பிழைக்கு இது நல்ல வழி. ஆனால் விஸ்தீரணத்திலோ கிரயத் தொகையிலோ அடித்தல் இருந்தால் நாளைக்கு லோனுக்குப் போகும்போது பேங்க் வக்கீல் அங்கேதான் விரல் வைப்பார். அதோடு, கையால் திருத்தியதை ஃபைலில் யாரும் ஏற்றுவதில்லை. பிறகு அதே ஃபைலைப் பார்த்து அடுத்த பத்திரத்துக்குச் சொத்து விவரத்தைக் காப்பி எடுப்பார்கள், பழைய தப்பு திரும்ப வரும். கையால் திருத்தினாலும் அன்றைக்கே ஃபைலில் ஏற்றி, பெயரில் எண்ணுக்குப் பின்னால் kai என்று ஒரு குறி போட்டு வையுங்கள்.

துபாயில் வேலை பார்ப்பவர்: அண்ணன் எனக்குப் பவர் ஏஜென்ட். நான் படித்து ஓகே சொன்ன பிடிஎஃப்தான் அங்கே கையெழுத்தாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். முதலில் ஃபைல். இரண்டு பக்கமும் விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
certutil -hashfile 142-3B2_kirayam_P05.pdf SHA256
```

நீளமாக ஒரு எழுத்துச் சரம் வரும். எழுத்தர் கம்ப்யூட்டரிலும் அதே சரம் வந்தால் ஃபைல் அச்சு அசல் ஒன்றுதான். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சரம் முழுக்க மாறிவிடும். பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக வந்ததை ஒப்பிட முடியாது.

இது தாளுக்கு உதவாது. அதற்கு, கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அடிவரி தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். P05 எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா, பக்கக் கணக்கு சரியா என்று பாருங்கள். பிறகு பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், விஸ்தீரணம், தொகை எண்ணாலும் எழுத்தாலும், இவ்வளவையும் உங்கள் பிடிஎஃபோடு ஒப்பிடுங்கள். அண்ணனை நம்பாததாக ஆகிவிடுமோ என்று சங்கடப்பட வேண்டாம், பேப்பர் மாறிப்போவது அண்ணனுக்கும் தெரியாமல் நடப்பதுதான்.

வக்கீல் ஜூனியர், சென்னை: நாங்கள் திருத்தி அனுப்பும் ஃபைலை எழுத்தர்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை. மறுபடி தட்டுகிறோம் என்கிறார்கள். ஏன்?

நானும் ஏற்க மாட்டேன். நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. டிராக் செய்து அனுப்பினாலும், நடுவில் அதை அணைத்துவிட்டு ஒரு வரி திருத்தியிருந்தால் அது சிவப்பில் காட்டாது. வேர்டில் Review பக்கத்தில் Compare இருக்கிறது. உங்கள் ஃபைலையும் எங்கள் P05-ஐயும் கொடுத்தால் தொட்ட இடமெல்லாம் காட்டிவிடும். அதைப் பார்த்து எங்கள் ஃபைலில் ஏற்றுவோம், அது P06.

ஒரே ஒரு சிக்கல், எழுத்துரு. எங்களில் பலர் இன்னும் பாமினியில் தட்டுகிறோம், நீங்கள் யூனிகோடில் மாற்றி அனுப்புகிறீர்கள். அப்போது Compare முழுப் பத்திரத்தையும் மாறியதாகக் காட்டும், ஒன்றும் புரியாது. அந்த நிலையில் அதைத் திருத்திய வரைவாக எடுக்கக் கூடாது, புது வரைவாக எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் கொம்பையும் காலையும் சில இடங்களில் பிரித்துப் போட்டுவிடும்.

டிடிபி சென்டர்காரர், திண்டுக்கல் (மறுபடியும்): பதிவுத்துறைத் தளத்தில் விவரம் ஏற்றுவதை எந்த எண்ணில் செய்வது மேடம்? நாங்கள் டோக்கன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று முன்கூட்டியே ஏற்றிவிடுகிறோம்.

நேரம் மிச்சமாகும், சரிதான். ஆனால் நீங்கள் P02-ஐப் பார்த்து ஏற்றியிருப்பீர்கள், கையெழுத்து P05-இல் ஆகும். வில்லங்கச் சான்றில் நாளைக்கு வரப்போவது நீங்கள் அந்தத் தளத்தில் ஏற்றிய சர்வே எண்ணும் விஸ்தீரணமும்தான். முன்கூட்டியே ஏற்றினால், எந்த எண்ணைப் பார்த்து ஏற்றினீர்களோ அதை விண்ணப்பப் பிரிண்ட்டின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள். கையெழுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் பிரிண்ட்டையும் ஓகே ஆன பிடிஎஃபையும் இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, சொத்து விவரத்தை மட்டுமாவது ஒத்துப் பாருங்கள். பழைய P01 முதல் P04 வரை உள்ளதை அழிக்க வேண்டாம். ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டரில் தள்ளி, Read-only போட்டுவிடுங்கள். யார் எப்போது எதை மாற்றச் சொன்னார்கள் என்று கேள்வி வரும்போது அதுதான் பேசும்.