வெளிநாட்டு எம்எஸ்: கடன், படிக்கிற கால வட்டி, போட்ட காசு திரும்புற கணக்கு

கேள்வி: "லோன் போட்டு வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் படிக்கலாம்னு இருக்கேன். மொத்தம் எவ்ளோ ஆகும், வேலைக்கு போனப்புறம் எத்தனை வருஷத்துல போட்டது திரும்ப வரும்னு எப்படி கணக்கு போடறது?"

யூனிவர்சிட்டி சைட்ல போட்டிருக்கற ஃபீஸை மட்டும் வெச்சு கணக்கு போடாதீங்க, நான் அப்படித்தான் போட்டேன். "படிக்கிற வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்"னு லோன் குடுத்தவங்க சொன்னாங்க, அது உண்மைதான், ஆனா வட்டி முதல் தவணை பணம் போன அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும். படிப்பு முடிஞ்சு முதல் இஎம்ஐக்கு முன்னாடி வந்த ஸ்டேட்மென்ட்ல, நான் வாங்கின தொகைக்கு மேல பல லட்சம் ஏறியிருந்தத பார்த்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு உதாரணம் போடுவோம், தொகை எல்லாம் சொந்த நாட்டு பணத்துல. ஃபீஸ், தங்கற செலவு எல்லாம் சேர்த்து கடன் 40 லட்சம், வட்டி 11%, படிப்பு 24 மாசம், அதுக்கப்புறம் 6 மாசம் டைம், ஆக 30 மாசம் கழிச்சுத்தான் இஎம்ஐ. செமஸ்டருக்கு 10 லட்சமா நாலு தடவை எடுக்கறீங்க. முதல் 10 லட்சத்துக்கு 30 மாசம் வட்டி, அடுத்ததுக்கு 24, அப்புறம் 18, கடைசிக்கு 12. மொத்தம் 84 மாசம், அதாவது 7 வருஷம், 10 லட்சத்துக்கு வருஷ வட்டி 1.1 லட்சம், அப்போ 7.7 லட்சம். இதே 40 லட்சத்தையும் முதல் நாளே எடுத்திருந்தா 11 லட்சம் ஆகியிருக்கும், அதனால ஃபீஸ் கட்ட வேண்டிய தேதிக்கு பக்கத்துல தவணை தவணையா எடுங்க. இது சாதா வட்டி கணக்கு, சில இடத்துல மாசாமாசம் வட்டிக்கு வட்டி போடுவாங்க, அப்படின்னா இன்னும் 84,000 கிட்ட கூடும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதை கேட்டுடுங்க.

இப்போ அந்த 7.7 லட்சம் அசலோட சேர்ந்து 47.7 லட்சம் ஆயிடுது. 10 வருஷத்துக்கு இஎம்ஐ எவ்ளோன்னு எக்செல்ல இப்படி போடுங்க:

```
=PMT(11%/12, 120, -4770000)
```

சுமார் 65,700 வரும். படிக்கும்போதே வீட்ல அந்த வட்டிய மட்டும் கட்டிட்டு வந்தா (முதல் ஆறு மாசம் மாசம் 9,200 கிட்ட, நாலாவது தவணைக்கப்புறம் 36,700 கிட்ட), இஎம்ஐ 55,100ல நின்னுடும். கட்டாம விட்ட 7.7 லட்சத்துக்காக பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 12.7 லட்சம் கட்டுவீங்க. முழுசா முடியலன்னாலும் பாதியாவது கட்ட பாருங்க.

கடனுக்கு வெளியே போற காசையும் எழுதிக்கோங்க. எக்ஸாம் ஃபீஸ், அப்ளிகேஷன், விசா, டிக்கெட், வீட்டு அட்வான்ஸ், இதெல்லாம் 5 லட்சம்னு வெச்சுக்குவோம். அதோட இங்கேயே வேலைல இருந்திருந்தா மாசம் 25,000 சேர்த்திருப்பீங்கன்னா, 30 மாசத்துல 7.5 லட்சம் போச்சு. ரெண்டும் சேர்ந்து 12.5 லட்சம்.

பெரும்பாலானவங்க தப்பு பண்றது சம்பளத்துலதான். ஆஃபர் லெட்டர்ல இருக்கற தொகைய கன்வெர்ட் பண்ணி பார்த்து சந்தோஷப்படுவாங்க, ஆனா டாக்ஸ், வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் போக மிச்சம் என்னன்னுதான் பார்க்கணும், அதுலயும் இங்க இருந்திருந்தா சேர்த்திருக்கற 25,000ஐ கழிச்சிடணும். மிச்சம் 1.4 லட்சம்னா, இந்த படிப்பு உங்களுக்கு சம்பாதிச்சு குடுக்கறது 1.15 லட்சம். அதை அப்படியே கடன்ல போட்டா:

```
=NPER(11%/12, -115000, 4770000)
```

52 மாசத்துக்கு கொஞ்சம் மேல வரும். அப்புறம் அந்த 12.5 லட்சத்துக்கு இன்னும் 11 மாசம். ஆக வேலைல சேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு மேல. மிச்சம் வெறும் 90,000தான்னா? இஎம்ஐ போக 24,300 நிக்கும், இங்கேயே இருந்து சேர்த்திருக்கறதை விட கம்மி, அதுவும் பத்து வருஷத்துக்கு. அந்த மாதிரி கோர்ஸுன்னா நான் போக வேண்டாம்னுதான் சொல்வேன்.

இன்னொண்ணு, படிச்சு முடிச்சதும் அங்க எத்தனை மாசம் வேலை பார்க்க அனுமதி உண்டுன்னு பாருங்க, இது நாட்டுக்கு நாடு மாறும். 36 மாசம்தான்னு வெச்சுக்கோங்க, அந்த 36 மாசமும் வேலை இருந்து, மாசம் 1.15 லட்சம் தவறாம கட்டினாலும் கடன்ல இன்னும் 17.5 லட்சம் நிக்கும். விசா நீடிக்காம திரும்பி வந்தா அதை இங்க கிடைக்கற சம்பளத்துல கட்டணும். நான் யார் கேட்டாலும் இந்த மீதி தொகையத்தான் முதல்ல போட்டு பார்க்க சொல்றேன், அதை இங்க சம்பாதிச்சு அடைக்க முடியும்னா போங்க, முடியலன்னா கடன் தொகைய குறைக்கற மாதிரி ஒரு வருஷ கோர்ஸோ ஃபீஸ் கம்மியான நாடோ தேடுங்க.