மின் கட்டணம் ஏன் இவ்வளவு கூடியது? வீடியோவுக்கு ஒரு ஸ்கிரிப்ட்

கேள்வி: வீட்டு மின் கட்டண பில்லைப் படிக்கக் கற்றுத்தரும் ஐந்து நிமிட வீடியோ ஒன்று தயாரிக்கிறேன். பில்லைத் திரையில் காட்டி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாக விளக்கிப் பார்த்தேன். பார்த்தவர்கள் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. எந்த உதாரணத்தைப் போட்டு, எப்படி எழுதுவது?

பதில்: பில்லைக் கையில் எடுப்பவருக்கு இருப்பது ஒரே கேள்விதான்: "போன தடவையைவிட ஏன் இவ்வளவு கூடிவிட்டது?" வீடியோ அதிலிருந்தே தொடங்கட்டும். அதற்கு விடை சொல்லாத கட்டங்களைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

பில்லைப் படம்பிடித்து அப்படியே போடாதீர்கள். போன் திரையில் எழுத்து பொடிந்துபோகும், இணைப்பு எண்ணும் வெளியே தெரிந்துவிடும். பில்லைப் புதிதாக வரைந்து, பேசும் கட்டத்தை மட்டும் வெளிச்சமாக்கி, மற்றதை மங்கலாக்குங்கள்.

உதாரணத்துக்கு எளிய எண்கள் போதும். முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2, அடுத்த 100க்கு 4, அதற்கு மேல் 6, நிலைக்கட்டணம் 80 என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விகிதங்கள் என்று திரையிலேயே எழுதிவிடுங்கள்.

காட்சி 1. பக்கத்தில் பக்கமாக இரண்டு பில்கள். மொத்தத் தொகை மட்டும் தெரிகிறது: 920, 1,400.

*குரல்:* "தொகை பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. மின்சாரமும் அந்த அளவு கூடுதலாகச் செலவானதா?"

காட்சி 2. புதிய பில்லின் ரீடிங் கட்டம், பக்கத்திலேயே மீட்டர்.

*குரல்:* "இப்போதைய ரீடிங் 14,570. முந்தையது 14,250. கழித்தால் 320 யூனிட். போன தடவை 240. அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பில்லில் இருக்கும் ரீடிங்கைவிட மீட்டர் இன்று சற்று அதிகம் காட்டுவது இயல்பு. குறைவாகக் காட்டினால், ரீடிங் தவறாகப் பதிவாகியிருக்கலாம், அல்லது மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்டிருக்கலாம். பிழையை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க உதவும் சோதனை இது, அதனால் இதை வெட்டிவிடாதீர்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தைச் சேர்த்துப் படித்துவிடக் கூடாது என்பதையும் மீட்டர் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

காட்சி 3. மூன்று பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. யூனிட்டுகள் கீழ்ப் பெட்டியிலிருந்து நிரம்புகின்றன.

*குரல்:* "முதல் பெட்டியில் 100 யூனிட், தொகை 200. அது நிறைந்ததும் இரண்டாவது, 400. மிச்சம் 120 யூனிட் மேல் பெட்டிக்குப் போகிறது. அதற்கு மட்டும் 720. மூன்றும் சேர்ந்து 1,320, நிலைக்கட்டணம் 80, ஆக 1,400."

அப்புறம் பழைய பில்லுக்கும் அதே பெட்டிகளைக் காட்டுங்கள். கீழே உள்ள இரண்டும் மாறவில்லை. மேல் பெட்டியில் மட்டும் 40 இருந்த இடத்தில் 120 இருக்கிறது. கூடிய 80 யூனிட்டும் 6 என்ற விகிதத்திலேயே போய் விழுந்ததால்தான் 480 கூடியது. இந்தப் படம் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வட்ட வரைபடம் போட்டால் இது புரியாது, ஏனென்றால் அதில் எது மேலே, எது கீழே என்பதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: எல்லா இடத்திலும் கணக்கு இப்படி இருக்காது. எல்லையைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் உயர்ந்த விகிதம் போடும் முறையும் உண்டு. பில்லில் ஸ்லாப்புக்கு, அதாவது நாம் வரைந்த ஒவ்வொரு பெட்டிக்கும், ஒரு வரியாகத் தொகை பிரிந்திருக்கிறதா, ஒரே வரியில் 320 x 6 என்று இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

காட்சி 4. கணக்கெடுத்த தேதிகள்.

*குரல்:* "போன பில் 60 நாளுக்கு. இது 64 நாளுக்கு. 240ஐ 60ஆல் வகுத்தால் நாளுக்கு 4 யூனிட். 320ஐ 64ஆல் வகுத்தால் நாளுக்கு 5."

கூடிய 80 யூனிட்டில் 16 வெறும் நான்கு நாள் தாமதத்தால் வந்தது. அதன் தொகை 96. மீதி 64 யூனிட்தான் வீட்டில் உண்மையாகவே கூடிய செலவு. நாள் கூடும்போது ஸ்லாப் அளவையும் அதே விகிதத்தில் கூட்டித் தரும் நிறுவனங்கள் உண்டு. அப்படிச் செய்தால் 64 நாளுக்கு முதல் பெட்டி சுமார் 107 யூனிட் பிடிக்கும். பில்லில் அது 100 என்றே இருந்தால், விதி என்ன என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காட்சி 5. நிலுவைக் கட்டத்தை ஐந்து நொடியில் காட்டிவிடுங்கள். பழைய பாக்கி இருந்தால் அதைக் கழித்த பிறகே இரண்டு பில்களை ஒப்பிட வேண்டும்.

காட்சி 6. மறுபடியும் மேல் பெட்டி. அதிலிருந்து 20 யூனிட் மறைகிறது.

*குரல்:* "1,320ஐ 320ஆல் வகுத்தால் சராசரி விலை சுமார் 4 வரும். அதை நம்பி, 20 யூனிட் குறைத்தால் 80தான் மிச்சம் என்று நினைக்காதீர்கள். குறைவது மேல் பெட்டியில். மிச்சமாவது 120."